பூட்டும் கடிகாரமும்

பிள்ளைகளின் கைப்பேசி குறித்த நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளுமாறு பெற்றோர் அமைத்து வைக்க இயலும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இதற்கென ‘ஃபேமிலி லிங்க்’ என்னும் செயலி உள்ளது. அதில் இருவகைக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் என்னும் அளவு. மற்றொன்று, இரவில் இத்தனை மணி முதல் காலை இத்தனை மணி வரை என்னும் ஓய்வு நேரம். இக்கட்டுப்பாடுகள் சில வேளைகளில் பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாமலும், பூட்டக் கூடாத நேரத்தில் பூட்டியும் தொல்லை தருவதுண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். துபாயில் வாழ்ந்த குடும்பம் ஒன்று தில்லிக்குத் திரும்புகிறது. எட்டாம் வகுப்பில் பயிலும் மகளின் கைப்பேசிக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை ஓய்வு நேரம். ஆனால் இரவு 10.30 வரை அது பூட்டப்படுவதில்லை. தாய்க்கு மகள்மீது ஐயம் எழுகிறது. காலை 6.45 மணிக்குப் பள்ளிப் பேருந்து வரவில்லை. ஓட்டுநரின் செய்தியைப் படிக்க மகள் முயல்கிறாள். கைப்பேசி திறக்க மறுக்கிறது. 7.30 மணிக்குத்தான் திறக்கிறது.

இரவிலும் காலையிலும் தாமதம் சரியாக ஒன்றரை மணி நேரம். காரணம் இதிலேயே வெளிப்படுகிறது. துபாயின் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி இன்னும் துபாய் நேரத்திலேயே இயங்குகிறது. பெற்றோர் எந்நகரில் இருந்தாலும், பிள்ளையின் கைப்பேசி தன் கடிகாரத்தைப் பார்த்தே பூட்டுகிறது. சிம் அட்டை உள்ள கைப்பேசி, புதிய ஊரின் நேர மண்டலத்தை வலைப்பின்னலிலிருந்து பெறும். மகளின் கைப்பேசியில் சிம் அட்டை இல்லை. வீட்டு வைஃபை மட்டுமே. ஆகவே பழைய மண்டலமே தங்கிவிட்டது. அமைப்புகளில் தேதி, நேரம் என்னும் பகுதிக்குச் சென்று இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் குறை நீங்கும். (இரவில் கூடுதலாக விளையாடும் பொருட்டுக் கடிகாரத்தைத் தாமே பின்னுக்குத் தள்ளும் பிள்ளைகளும் உளர். அவர்களும் அதே அளவு நேரத்தைக் காலையில் இழப்பர்!)

பூட்டு நாள்தோறும் ஒரே அளவு தவறினால் கடிகாரத்தை ஆராய வேண்டும். மாறாக, ஒரு நாள் மாலை 5 மணிக்கும் மறுநாள் 7 மணிக்கும் பூட்டப்பட்டால், அன்றன்றைக்குரிய அளவு தீர்ந்துவிட்டது என்பதே பொருள்; அது பிழையன்று.

இன்னொரு நிலையும் உண்டு. தேர்வுக் காலத்திற்கெனத் தந்தை தம் கைப்பேசியில் ஓய்வு நேரத்தை மாற்றுகிறார். பிள்ளையின் கைப்பேசியில் இணையம் இல்லையெனில் அம்மாற்றம் அங்குச் சென்று சேராது. பழைய நேரமே நடைமுறையில் இருக்கும். அத்தகைய வேளையில் பெற்றோரின் செயலி காட்டும் அணுகல் குறியீட்டைப் பூட்டுத் திரையில் உள்ளிட்டுத் திறக்கலாம். பூட்டப்பட்ட நிலையிலும் வரும் அழைப்புகளை ஏற்கவும் அவசர அழைப்பு விடுக்கவும் இயலும் என்பதைப் பிள்ளைக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும்.