மூடிய கணக்குக்குப் போன பங்கு ஈவு

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25,000 ரூபாய் பங்கு வைத்திருக்கும் ஓர் உறுப்பினருக்கு 10 சதவீத ஈவாக 2,500 ரூபாய் நெஃப்ட் வழியே போகிறது. அவரோ சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றி, பழையதை முடித்துவிட்டார். சங்கத்தில் சொல்லவில்லை. திரையில் ‘வெற்றி’ என்று வருகிறது. பணம் அவருக்கு வரவில்லை.

அந்த ‘வெற்றி’ பெரும்பாலும் சங்கத்தின் வங்கியிலிருந்து பணம் புறப்பட்டதை மட்டுமே சொல்கிறது. கணக்கு மூடியிருந்தால், பெறும் வங்கி அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நெஃப்ட் விதி. ஆகவே கடிதம் எழுதும் முன் சங்கத்தின் கணக்கு அறிக்கையைப் பார்க்க வேண்டும். பல நேரம் பணம் திரும்பி வந்து, எதற்கான வரவு என்று தெரியாமல் அங்கேயே கிடக்கும். வங்கியைக் குறை சொல்லும் முன் செயலாளர் செய்ய வேண்டிய வேலை இது.

வரவில்லை என்று உறுதியானால், சங்கத்துக்குக் கணக்குள்ள வங்கிக்கே எழுத வேண்டும். உறுப்பினரின் பழைய வங்கிக்கு எழுதிப் பயனில்லை. சங்கம் அதன் வாடிக்கையாளர் அல்ல. கடிதத்தின் உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

“ஐயா, எங்கள் சங்கத்தின் நடப்புக் கணக்கிலிருந்து மேற்கண்ட நாளில் கீழ்க்காணும் யு.டி.ஆர். எண்ணில் ரூ.2,500 அனுப்பப்பட்டது. பெறுபவரின் கணக்கு அதற்கு முன்பே முடிக்கப்பட்டதாக அவர் எழுத்தில் தெரிவித்துள்ளார் (நகல் இணைப்பு). தொகை இதுவரை எங்கள் கணக்குக்குத் திரும்பவில்லை. பெறும் வங்கியிடம் அதன் நிலையைக் கேட்டு, தொகையை எங்கள் கணக்கில் வரவு வைக்கவும். தாமதம் இருப்பின் விதிப்படியான வட்டியும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

பொருள், பார்வை எல்லாம் அழகாக எழுதிவிட்டு யு.டி.ஆர். எண்ணை விட்டுவிடும் கடிதங்கள் உண்டு. அந்த எண் இல்லாமல் வங்கி தேடுவது கடினம். இரண்டு கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் அதற்குப் பதில் பரிவர்த்தனை எண்ணைத் தர வேண்டும்.

“உறுப்பினரின் புதிய கணக்கில் நீங்களே போட்டுவிடுங்கள்” என்று எழுதக் கூடாது. பணம் முதலில் சங்கத்துக்கு வர வேண்டும். அங்கே அதை வருமானமாகக் காட்டாமல், வழங்க வேண்டிய ஈவில் வைத்து, உறுப்பினரிடம் புதிய பாஸ்புக் நகல் வாங்கியபின் மறுபடி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தணிக்கையில் கேள்வி வரும்.

தாமத வட்டி ரெப்போ விகிதத்துடன் 2 சதவீதம். ரெப்போ 5.5 சதவீதம் என்று கொண்டால், 40 நாளுக்கு 2,500 ரூபாய்க்குச் சுமார் 20 ரூபாய்தான். அதற்காக விட்டுவிட வேண்டாம். வட்டி கேட்ட கடிதத்துக்கு வங்கி எந்த நாளில் என்ன நடந்தது என்று பார்த்தே பதில் எழுத வேண்டியிருக்கும். கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது அந்த முத்திரையிட்ட நகலைத்தான் கேட்பார்கள்.