வெங்காய டிஎன்ஏ: உப்பு எதற்கு, சோப்பு எதற்கு?

“உப்பு சேர்க்கப்பட்டது. சோப்புக் கரைசல் சேர்க்கப்பட்டது. குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றப்பட்டது. வெள்ளை இழைகள் தெரிந்தன.” வெங்காயத்திலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் சோதனைக்கு மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதும் செய்முறை பெரும்பாலும் இவ்வளவுதான். எவ்வளவு உப்பு, எத்தனை நிமிடம் என்று தெரியாமல் இன்னொருவர் இதைச் செய்து பார்க்க முடியாது. எது எதற்கு என்ற காரணமும் இல்லையென்றால், சோதனை சொதப்பும்போது எங்கே சொதப்பியது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

உருப்படியான செய்முறை இப்படி இருக்கும்: “3 கிராம் உப்பும் 10 மில்லி பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரில் கலந்து 100 மில்லி கரைசல் தயாரிக்கப்பட்டது. ஒரு பெரிய வெங்காயம் பொடியாக நறுக்கப்பட்டு அதில் இடப்பட்டது. கலவை 60 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமும், பிறகு பனிக்கட்டியில் 5 நிமிடமும் வைக்கப்பட்டது. மிக்ஸியில் 5 விநாடி மட்டும் அடித்து வடிகட்டப்பட்டது. 5 மில்லி வடிநீரின் மேல் 10 மில்லி குளிர்ந்த 95 சதவீத எத்தனால் குழாயின் ஓரமாக மெல்ல ஊற்றப்பட்டது.”

இதில் சோப்பின் வேலை எளிது. செல்லையும் அதன் உட்கருவையும் சுற்றியிருக்கும் சவ்வுகள் கொழுப்பால் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற திரவம் அவற்றையும் கரைத்து, உள்ளே இருப்பதை வெளியே விடுகிறது. ஆனால் சவ்வுக்கு வெளியே இருக்கும் செல்சுவரை சோப்பு ஒன்றும் செய்யாது. அதை உடைப்பது கத்தியும் மிக்ஸியும்தான். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் நீளமான டிஎன்ஏ இழைகளும் சேர்ந்து துண்டாகிவிடும். அதனால்தான் அந்த 5 விநாடிக் கணக்கு.

வெந்நீர் எதற்கு என்பதைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். செல் உடைந்ததும் டிஎன்ஏ மட்டுமா வெளியே வருகிறது? டிஎன்ஏவை நறுக்கும் நொதிகளும் கூடவே வருகின்றன. 60 டிகிரி சூடு அவற்றின் வேகத்தை அடக்குகிறது. அதற்காகக் கொதிக்க விடக்கூடாது, டிஎன்ஏவின் இரட்டை இழைகளே பிரிந்துவிடும். பனிக்கட்டி, மிச்சமிருக்கும் நொதிகளை மந்தமாக்குகிறது.

உப்புதான் அதிகம் தவறாக எழுதப்படுவது. “உப்பு செல்சுவரை உடைக்கிறது” என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் அப்படியே காப்பியடிக்கிறார்கள். டிஎன்ஏவின் முதுகெலும்பில் நெடுக பாஸ்பேட்டுகள் இருக்கின்றன. அவை எதிர்மின் சுமை கொண்டவை. அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீரில் கரைந்தே கிடக்கும். உப்பிலிருந்து வரும் சோடியம் நேர்மின் சுமை கொண்டது. அது பாஸ்பேட்டின் சுமையைச் சமன்செய்தால்தான் இழைகள் நெருங்கித் திரள முடியும்.

ஆனால் தண்ணீர் சூழ்ந்திருக்கும்வரை சோடியமும் பாஸ்பேட்டும் இறுக்கமாகச் சேர்வதில்லை. அங்கேதான் ஆல்கஹால் வருகிறது. அது கலந்ததும் தண்ணீரின் பிடி தளர்கிறது, சோடியம் பாஸ்பேட்டோடு ஒட்டிக்கொள்கிறது, டிஎன்ஏ கரைய முடியாமல் வெளியே வந்துவிடுகிறது. தண்ணீரைவிட எத்தனால் லேசானது என்பதால் மேலே தனி அடுக்காக நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சளி போன்ற வெண்ணிற நூல்கள் சுருண்டு எழும். குச்சியால் சுற்றி எடுக்கலாம். குளிர்ச்சி உதவும்தான். ஆனால் அதைவிட முக்கியம் ஆல்கஹாலின் அடர்த்தி. எத்தனாலுக்குப் பதிலாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குகிறவர்கள் புட்டியில் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். 70 என்றால் மீதி 30 தண்ணீர். அதை வடிநீரோடு சம அளவில் கலந்தால் ஆல்கஹால் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும், இழை சரியாகத் திரளாது.

வடிநீரில் சிலர் இரண்டு சொட்டு அன்னாசிச் சாறும் விடுகிறார்கள். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி, டிஎன்ஏவோடு ஒட்டியிருக்கும் புரதங்களைச் செரித்துவிடும். சாறு புதிதாகப் பிழிந்ததாக இருக்க வேண்டும். டின்னில் அடைத்ததில் சூட்டால் நொதி கெட்டிருக்கும்.

வாழைப்பழம் மசிப்பதற்கு எளிது என்பதால் பலருக்கும் அதுவே பிடிக்கும். எனக்கு வெங்காயம்தான் சரி. பழத்தில் பெக்டின் அதிகம். அதுவும் ஆல்கஹால் பட்டால் திரளும், பார்வைக்கு டிஎன்ஏ மாதிரியே இருக்கும். குழாய் நிறைய வெள்ளையாக வந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். வெங்காயத்திலும் திரண்டு வருவது சுத்தமான டிஎன்ஏ அல்ல. ஆர்என்ஏ, புரதம், கொஞ்சம் பெக்டின் எல்லாம் அதில் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் டைபீனைல்அமின் இருந்தால், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, அதன் அமிலக் கரைசலோடு இழையைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்துப் பார்க்கலாம். நீல நிறம் வந்தால் டிஎன்ஏ இருக்கிறது. வெறும் பெக்டின் நீலமாகாது. அந்தச் சோதனை செய்யாதவர்கள் முடிவில் “டிஎன்ஏ கிடைத்தது” என்று எழுதாமல், “ஆல்கஹாலில் திரண்ட வெள்ளை இழைகள் கிடைத்தன” என்று எழுதுவதே சரி.