தேதி சொன்னால் போதுமா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் ஒரு வட்டத் தலைநகர். குரூப்-4 தேர்வுக்கு வட்டவாரியாக மையம் போடுகிறார்கள் என்பதால், இப்பகுதிப் பிள்ளைகள் தேர்வெழுத வெளியூர் அலைய வேண்டியதில்லை. அலைச்சல் தேர்வு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. முடிவு எப்போது, சான்றிதழ் எப்போது, சென்னையில் கவுன்சலிங் எப்போது என்பது தெரியாமல், கையிலிருக்கும் தனியார் வேலையைத் தொடர்வதா, அடுத்த தேர்வுக்குப் படிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

டி.என்.பி.எஸ்.சி. தேதி சொல்வதே இல்லை என்று குறை கூற முடியாது. ஆண்டுத் திட்ட அட்டவணையில் அறிவிக்கை நாளும் தேர்வு நாளும் இருக்கும். 2022 குரூப்-4 தேர்வுக்கு, ஜூலை 24-இல் தேர்வு, அக்டோபரில் முடிவு, நவம்பரில் கவுன்சலிங் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் காலம் குறிப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தத் தேர்வில் நடந்தது வேறு. அக்டோபர் டிசம்பரானது, டிசம்பரும் தள்ளிப்போய், 2023 மார்ச் 24-ஆம் தேதிதான் முடிவு வந்தது. தேர்வு நாளிலிருந்து சரியாக எட்டு மாதம். கவுன்சலிங் அந்த ஆண்டு ஜூலையில்தான் தொடங்கியது.

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். ஒவ்வொரு விடைத்தாளும், தேர்வர் விவரம் உள்ள பாகம், விடை குறித்த பாகம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே ஸ்கேன் ஆனது. அதாவது 36 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். பெண்களுக்கான 30 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பின்பற்றும் முறையையும் நீதிமன்ற உத்தரவுக்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. இரண்டுமே நியாயமான காரணங்கள்தான். என் வருத்தம் வேறு. எத்தனை லட்சம் பேர் எழுதினார்கள் என்பது தேர்வன்றே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தாள் ஸ்கேன் செய்ய முடியும் என்பதும் ஆணையத்துக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக் கணக்கிட்டிருந்தால், சொன்ன மாதம் நெருங்குவதற்கு முன்பே திருத்திய தேதியைக் காரணத்தோடு அறிவித்திருக்கலாம்.

பிறகு நிலைமை மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். 2024-இல் ஜூன் 9 தேர்வுக்கு அக்டோபர் 28-இல் முடிவு. முதலில் சொல்லியிருந்த காலத்துக்கும் முன்னதாகவே. 2025-இல் ஜூலை 12 தேர்வுக்கு அக்டோபர் 22-இல் முடிவு. மூன்று மாதமும் பத்து நாளும்தான். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் முடிவு வந்தவுடன் வேலை கிடைத்துவிடாது. தரவரிசை வந்ததும், இடஒதுக்கீட்டு விகிதத்தில் தேர்வானவர்கள் சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். பிறகு சென்னையில் மூலச் சான்றிதழ் சரிபார்ப்பு. அதன் பிறகு தரவரிசைப்படி துறையையும் பணியையும் தேர்ந்தெடுக்கும் கவுன்சலிங். 2024 தேர்வர்களுக்குப் பதிவேற்ற அவகாசம் ஏறத்தாழ இரண்டு வாரம். இந்த நாட்களுக்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இதில் பலரை மாட்டிவைப்பது தமிழ்வழிக் கல்விச் சான்று. 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கோருபவர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததாக அந்தந்தப் பள்ளியில் வாங்கித் தர வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை ஊர்த் தொடக்கப்பள்ளி, பிறகு கீழ்பென்னாத்தூரில் உயர்நிலை என்று படித்தவர் இரண்டு தலைமை ஆசிரியர்களைப் பார்த்தாக வேண்டும். நடுவில் பள்ளி விடுமுறை வந்தால்? தேர்வன்றே “சான்றிதழ் பதிவேற்றம் இந்த மாத முதல் பாதியில்” என்று தெரிந்திருந்தால், அவர் மூன்று மாதம் முன்பே இதை முடித்திருப்பார்.

ஆக, நான் எதிர்பார்க்கும் அறிவிப்பு இப்படி இருக்க வேண்டும்: “உத்தேச விடை தேர்வுக்குப் பின் ஒரு வாரத்தில். ஆட்சேபணைக்கு ஏழு நாள். முடிவு அக்டோபர் நான்காம் வாரம். பதிவேற்றம் நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து பதினைந்து நாள். தமிழ்வழிச் சான்று வாங்காதவர்கள் இப்போதே வாங்குங்கள். கவுன்சலிங் இந்த மாதம், தரவரிசை எண் வரிசையில். எந்தக் கட்டம் தள்ளிப்போனாலும், குறித்த நாளுக்கு முன்பே காரணத்தோடு புதிய தேதி வரும்.” கடைசி வாக்கியம்தான் முக்கியம். முதல் தேதி தள்ளிப்போனால் பின்னுள்ளவையும் தள்ளும். எனவே திருத்தும்போது ஒரு கட்டத்தை மட்டும் மாற்றாமல், அட்டவணை முழுவதையும் புதிதாக வெளியிட வேண்டும்.

தேர்வர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவேற்றத்துக்கான அழைப்பு தபாலில் வராது. இணையதளத்தில் அறிவிப்பார்கள், குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்புவார்கள். அது கிடைக்கவில்லை என்ற காரணத்தை ஆணையம் ஏற்காது. பதிவு செய்தபோது கொடுத்த கைபேசி எண்ணை மாற்றியிருந்தால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றே திருத்திவிடுங்கள்.