சாலைக்குப் போன நிலம்: இழப்பீட்டுப் பணத்துக்கு வரி உண்டா?

ரவாங்வாசிகளுக்குப் புதிய சாலை என்பது புதிய செய்தி அல்ல. தெம்ப்ளர் பார்க் பக்கம் தொடங்கி ஈஜோக் வரை ஓடும் லத்தார் விரைவுச்சாலை 2011-இல் திறக்கப்பட்டது. செரண்டா பக்கம் போகும் ரவாங் பைபாஸ் 2017 நவம்பரில் வந்தது. சாலை வந்தால் நமக்குப் பயண நேரம் மிச்சம். ஆனால், அதற்காக யாரோ ஒருவர் வீட்டுக்குக் கோம்பாக் நில அலுவலகத்தின் கடிதம் போயிருக்கும்.

அந்தக் கடிதம் வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, எவ்வளவு கொடுப்பார்கள் என்பது. அடுத்தது, கொடுப்பதில் வரிக்கு எவ்வளவு போகும் என்பது. இரண்டாவது கேள்விக்குக் காப்பிக்கடையில் பல பதில்கள் கிடைக்கும். முப்பது விழுக்காடு போய்விடும் என்பார் ஒருவர். அதை "செட்டில்" பண்ணித் தருகிறேன், எனக்கு ஐந்து கொடுங்கள் என்பார் இன்னொருவர். இரண்டாமவரிடம்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

சாதாரணக் குடும்ப நிலத்தைச் சட்டப்படி கட்டாயமாக அரசாங்கம் எடுத்துக்கொண்டால், நிலத்துக்காக வரும் இழப்பீட்டுக்கு நிலச் சொத்து இலாப வரி கிடையாது. ஆர்பிஜிடி என்று நாம் சொல்லும் வரி அதுதான். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டாயமாக எடுக்கப்பட்ட நிலத்தை, நீங்கள் வாங்கிய விலைக்கே கொடுத்ததாகச் சட்டம் கருதிக்கொள்ளும். அப்படிக் கருதினால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வரி போட எதுவும் மிஞ்சாது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இளைஞர் 2023-இல் ரவாங்குக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தை 300,000 வெள்ளிக்குத் தம் பெயரில் வாங்கினார். இரண்டு ஆண்டுகளில் சாலைக்காக அது முழுவதும் எடுக்கப்பட்டு, 420,000 வெள்ளி கிடைத்தது. அதே விலைக்கு அவராகவே யாருக்காவது விற்றிருந்தால் இலாபம் 120,000. அதில் பத்து விழுக்காடு, அதாவது 12,000, விலக்குப் போக மீதி 108,000. மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் வரி 30 விழுக்காடு என்பதால் 32,400 வெள்ளி கட்ட வேண்டியிருந்திருக்கும். (வக்கீல் கட்டணம் போன்ற செலவுகளை இங்கே சேர்க்கவில்லை.) அரசாங்கம் எடுத்ததால் வரி ஒரு வெள்ளியும் இல்லை.

தாத்தா காலத்து நிலத்துக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. குடிமக்களும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2022 முதல் எப்படியும் இந்த வரி இல்லை. அண்மையில் வாங்கியவர்களுக்குத்தான் இது உயிர்நாடி.

அதனால்தான், சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் "இப்பவே எனக்கு வித்துடுங்க" என்று வருகிறவரிடம் நிதானம் வேண்டும். அவருக்கு விற்பது உங்கள் விருப்பத்தில் நடக்கும் விற்பனை. சலுகை அதற்குப் பொருந்தாது. அவர் தரும் விலையிலிருந்து வரியைக் கழித்துவிட்டுத்தான் இழப்பீட்டோடு ஒப்பிட வேண்டும்.

நிலத்தில் பாதி போய், பாதி மிஞ்சினால் கணக்கு கொஞ்சம் சிக்கும். எடுத்த பாதிக்கு வரியில்லை. மிஞ்சிய பாதியைப் பிறகு நீங்களாக விற்றால் வழக்கமான விதிதான். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நிலத்தைப் பிரித்ததாலும் மிஞ்சியது மதிப்பிழந்ததாலும் நில நிர்வாகி தனியாக ஒரு தொகை தரலாம். சொத்துக்கு ஏற்பட்ட பாதிப்புக்காகவோ மதிப்புக் குறைவுக்காகவோ இழப்பீடு வாங்கியிருந்தால், அதை வாங்கிய விலையிலிருந்து கழிக்கச் சொல்கிறது ஆர்பிஜிடி சட்டம். மேலே சொன்ன நிலத்தில் சம மதிப்புள்ள பாதி மிஞ்சியிருந்தால் அதன் வாங்கிய விலை 150,000. மதிப்புக் குறைவுக்காக 20,000 வாங்கியிருந்தால் அது 130,000 ஆகிவிடும். பிறகு 200,000-க்கு விற்றால் இலாபம் 50,000 அல்ல, 70,000. ஆகவே இழப்பீட்டைப் பிரித்துக் காட்டும் பாரம் ஜி, தொகையைத் தெரிவிக்கும் பாரம் எச், நிலம் கைமாறியதைக் காட்டும் பாரம் கே ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வங்கிக் கணக்கில் விழும் மொத்தத் தொகை மட்டும் இந்த விவரத்தைச் சொல்லாது.

அதே நிலத்தில் பட்டறையோ கடையோ நடத்தியிருந்தால், போன வருமானத்துக்கு ஈடாக வரும் தொகையையும் தனியாக எழுதி வையுங்கள். அது நிலத்தின் விலை அல்ல. வருமானத்துக்குப் பதிலாக வந்த பணம் என்பதால் அங்கே வருமான வரிக் கேள்வி எழும்.

நிலத்தை வாங்கி, துண்டு போட்டு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு நிலம் கடைச் சரக்கு மாதிரி. விற்ற இலாபம் தொழில் வருமானம். சரக்கை அரசாங்கம் பறித்துக்கொண்டால்? பினாங் ரியல்டி வழக்கில் 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டாயமாக எடுக்கப்பட்டதில் வியாபாரம் செய்யும் எண்ணம் இல்லை, எனவே வருமான வரியும் இல்லை என்றது. உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அது ஒப்பவில்லை. 2014 மதிப்பீட்டாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் 4சி என்ற பிரிவு நுழைந்தது. வலுக்கட்டாயமாகப் போன சரக்குக்கு வந்த பணமும் தொழில் வருமானமே என்றது அந்தப் பிரிவு.

விராமுடா என்ற நிறுவனம் அதை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அரசமைப்புச் சட்டத்தின் 13(2) விதி, போதிய இழப்பீடு இல்லாமல் சொத்தைக் கட்டாயமாக எடுக்க எந்தச் சட்டமும் இடம் தரக்கூடாது என்கிறது. ஒரு கையால் கொடுத்த இழப்பீட்டை மறு கையால் வரியாக வாங்கினால் அது போதிய இழப்பீடாக எப்படி இருக்கும்? 4சி பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதாடியது ஒரு நிறுவனம் என்றாலும், பகுதி நேரமாக நிலம் வாங்கி விற்கும் இளைஞர்களுக்கும் அது பொருந்தும்.

வரிக் கவலை தீர்ந்தால் தொகையைப் பற்றிய கவலைக்கு வரலாம். பாரம் ஈ வந்தால் விசாரணை நாள் குறித்தாகிவிட்டது என்று பொருள். அன்று நேரில் போய், அக்கம்பக்கத்தில் ஒத்த நிலம் விற்ற விலைகளைக் காட்டுங்கள். அதே நிலம் கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கைமாறியிருந்தால் அந்த விலைக்குத் தனிக் கவனம் உண்டு. முத்திரை வரியை மிச்சம் பிடிக்க ஒப்பந்தத்தில் விலையைக் குறைத்து எழுதியவர்களுக்கு அதன் விலை இங்கேதான் தெரியும். தொகை போதாது என்றால் பணத்தை எதிர்ப்போடு பெற்றுக்கொண்டு, பாரம் என் வழியாக நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம். விசாரணைக்கு வந்திருந்தவர்களுக்கு அதற்கான அவகாசம் தீர்ப்புத் தொகை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு வாரம்.

நம் குடும்பங்களில் பணம் தடைபடுவது பெரும்பாலும் வரியாலோ தொகையாலோ அல்ல. கெரானில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கும். அவர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும். வாரிசுகள் ஆறு பேர், யாரும் மாற்றி எழுதியிருக்க மாட்டார்கள். பணத்தைப் பெறத் தகுதியானவர் யார் என்று தெரியாவிட்டால், நில நிர்வாகி அதை உயர் நீதிமன்றத்தில் செலுத்த உத்தரவு கேட்கலாம். பிறகு நிர்வாக உரிமைப் பத்திரம் எடுத்து, ஆறு பேரும் ஒத்துப்போய், மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, பணம் மட்டும் நீதிமன்றக் கணக்கில் கிடக்கும்.