டப்பாவில் எத்தனை கிராம் புரதம்?

'ஒரு கரண்டி 30 கிராம். புரதம் 24 கிராம்' என்கிறது டப்பாவின் முன்பக்கம், கொட்டை எழுத்தில். பின்பக்கத்துப் பொடி எழுத்தில், சேர்மானங்களுக்கு நடுவே கிளைசின் என்றொரு பெயர். சூட்சுமம் அங்கேதான்.

வழக்கமான கெல்டால் சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. மலிவான அமினோ அமிலமான கிளைசினில் நைட்ரஜன் அதிகம். அதை 4 கிராம் கலந்தால் கணக்கில் 4.7 கிராம் புரதமாக ஏறிவிடும். ஆக, அந்த 24இல் உண்மையான வே புரதம் 19 கிராம் சொச்சம்தான். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தவர்கள் நுழைந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். அது விஷம், இது பர்ஸுக்கு மட்டும் சேதம்.

கண்டுபிடிக்க ஒரு வழி, லேபிளில் லூசின் அளவைப் பார்ப்பது. வே புரதத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 24 கிராமுக்கு 2.4 கிராம் இருக்க வேண்டும். 2 கிராம்தான் என்றால் சந்தேகப்படலாம். சில கில்லாடிகள் லூசினையும் தனியாகச் சேர்ப்பதுண்டு; அப்போது அதுவும் சேர்மானப் பட்டியலில் தலைகாட்டும்.

'ஐசொலேட்' என்பதிலும் கவனம் தேவை. ஐசொலேட் சுமார் 90 சதவீதம் புரதம். கான்சென்ட்ரேட் அதிகபட்சம் 80. பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் டப்பாவில் அதிகம்.

தாவரக் கலவைக்கு அளவுகோல் வேறு. பட்டாணியில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஈடுகட்டும், இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் போல. ஆனால் லூசின் 8 சதவீதம்தான். அதே 2.4 கிராம் கிடைக்க 30 கிராம் புரதம் வேண்டும். அங்கே லூசின் குறைந்திருப்பது மோசடியல்ல.