அலகைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பழைய சாமான் கடையில் கத்தி எடுக்கும்போது பிடியின் பளபளப்பை விட்டுவிட்டு, அலகில் பொறித்திருப்பதைப் படியுங்கள். X50CrMoV15 என்றிருந்தால் எடுக்கலாம். ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திகளில் அடிக்கடி காணும் எஃகு இது. 50 என்பது சுமார் 0.5 சதவீதக் கார்பன். அலகைக் கடினமாக்குவது அதுதான். 15 என்பது ஏறக்குறைய 15 சதவீதக் குரோமியம். அது துருவைத் தடுக்கும். தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கினால் தீட்டிக்கொள்ளலாம், சுலபமாகக் கூர் ஏறும்.

18/8 முத்திரை பாத்திரத்துக்கு நல்ல அடையாளம். கத்தி அலகில் இருந்தால் வேண்டாம். அந்த எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. கூர் சீக்கிரம் மழுங்கும். வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றிருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் விட்டுவிடலாம். ஒட்டினாலும் தரம் உறுதியில்லை, மட்டமான எஃகிலும் காந்தம் ஒட்டும். விலை குறைவென்றால் மட்டுமே நான் எடுப்பேன். தீட்டித் தீட்டி அலகு குறுகியிருந்தால், எந்த முத்திரையானாலும் வைத்துவிட்டு வருவேன்.