நகைச்சீட்டுப் பணம் கடைக்கு வருமானமா, கடனா? நகை கைக்கு வரும் நாளில்தான் அது 'விற்பனை' ஆகும்... ஏன் தெரியுமா?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக்குள் நுழைந்தால் வரிசையாக நகைக்கடைகள். பெரும்பாலான கடைகளில் தனியாக ஒரு கவுன்டர் இருக்கும். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருபவர்கள் பலரும் அங்கேதான் முதலில் நிற்பார்கள். மாசா மாசம் 2,000, 5,000 என்று நகைச்சீட்டு கட்டுகிற இடம் அது.

பணத்தைக் கட்டியாச்சு, பாஸ்புக்கில் சீலும் விழுந்தாச்சு. ஆனால் அந்த 5,000 ரூபாயைக் கடைக்காரர் தன் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுகிறார்? "காசு வந்திருச்சுல்ல, அப்போ வியாபாரம் ஆயிடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றுதான் பலரும் நினைப்பார்கள். சில சின்னக் கடைகளின் கணக்குப் பிள்ளைகளே அப்படி எழுதிவிடுவதும் உண்டு. அது தப்பு. அந்தத் தப்பு எங்கே போய் நிற்கும் என்பதை ஒரே ஒரு சீட்டை வைத்துப் பார்க்கலாம்.

மாசம் 5,000 ரூபாய்... 11 தவணை

செப்டம்பர் 10-ம் தேதி ஒருவர் முதல் தவணை 5,000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் கடையிலிருந்து ஒரு குண்டுமணித் தங்கம்கூட வெளியே போகவில்லை. என்ன நகை, எத்தனை கிராம் என்பதுகூட முடிவாகவில்லை. நடந்தது ஒன்றுதான். கடைக்குப் பணம் வந்தது, அதற்கு ஈடாக நகை கொடுக்க வேண்டிய கடமையும் சேர்ந்தே வந்தது.

அதனால் புத்தகத்தில் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். கல்லா அல்லது வங்கிக் கணக்கில் 5,000 கூடும். எதிர்ப்பக்கம் 'வாடிக்கையாளர் முன்பணம்' என்ற கணக்கிலும் 5,000 கூடும். இந்த முன்பணக் கணக்கு வருமானத்தில் சேராது, கடை கொடுக்க வேண்டிய பொறுப்புகள் பட்டியலில் சேரும். வங்கியில் வாங்கிய கடன், சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி ஆகியவை இருக்கும் அதே வரிசைதான். வட்டி கிடையாது, திருப்பித் தருவது நகையாக, அவ்வளவுதான் வித்தியாசம்.

விற்பனைக் கணக்கில் அன்றைக்கு எதுவும் ஏறாது. வாடிக்கையாளருக்குக் கொடுப்பதும் விற்பனை பில் இல்லை, பணம் பெற்றதற்கான ரசீதுதான்.

மார்ச் 31-ல் வரும் சிக்கல்

மார்ச் மாதத்துக்குள் 7 தவணை முடிந்து 35,000 ரூபாய் சேர்ந்திருக்கும். நிதியாண்டு முடியும்போது அந்த 35,000-மும் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பாகவே நிற்க வேண்டும்.

அதை விற்பனை என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? இந்தச் சீட்டுக்குக் கடைசியில் போகப்போவது ஒரு செயின், அதன் அடக்கவிலை 76,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்க்காத விற்பனை விலை 84,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு உண்மையான லாபம் 8,000.

மார்ச்சில் 35,000-ஐ விற்பனையாகக் காட்டினால், அதற்கு ஈடான செலவு எதுவும் இருக்காது. செயின் இன்னும் ஷோகேஸில்தானே இருக்கிறது! ஆகவே 35,000-மும் அப்படியே லாபம் போலத் தெரியும். சம்பாதிக்காத காசுக்கு வருமான வரிக் கணக்கு போடும் நிலை வரும். அடுத்த ஆண்டு மீதி 49,000 மட்டும் விற்பனையாக ஏறும், ஆனால் 76,000 அடக்கவிலை முழுசாக அந்த ஆண்டில்தான் கழியும். 27,000 நஷ்டம்! இரண்டு வருஷத்தையும் கூட்டினால் அதே 8,000-தான். ஆனால் இரண்டு வருஷமுமே பொய்க்கணக்கு.

இது ஒரு சீட்டு. ஆயிரம் சீட்டு ஓடும் கடையில் இந்தத் தப்பு நடந்தால், புதுச்சீட்டு சேரும் வரை கடை அமோகமாக ஓடுவதுபோலவே ஏட்டில் தெரியும். முதலாளியே அதை நம்பி இன்னொரு கிளை திறக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

நகை கைமாறும் நாளில் என்ன நடக்கும்?

ஜூலை 10-ல் 11-வது தவணையும் கட்டியாச்சு, மொத்தம் 55,000. ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் ஆகஸ்ட் 20-ல் வந்து செயினை எடுக்கிறார். தங்கத்தின் விலை 80,000. செய்கூலி, சேதாரம் 8,000. சீட்டுக் கட்டியதற்கான சலுகை 4,000 கழித்தால் 84,000. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,520. ஆக பில் 86,520 ரூபாய். முன்பணம் 55,000 போக, அவர் கையிலிருந்து தர வேண்டியது 31,520.

விற்பனைக் கணக்கில் ஏற வேண்டிய தொகை 84,000. அன்றைக்கு வந்த 31,520-ஐ மட்டும் விற்பனையாகப் போடுவதும் ஒரு வழக்கமான தவறு. வரி 2,520 அரசுக்குச் சேர வேண்டியது, அதுவும் வருமானம் ஆகாது. முன்பணக் கணக்கில் நின்ற 55,000 இந்த பில்லோடு நேர் செய்யப்பட்டு பூஜ்ஜியம் ஆகும். செயினின் அடக்கவிலை 76,000 சரக்கிருப்பிலிருந்து இறங்கும். கடை கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தது இப்போதுதான், எனவே வருமானமும் இப்போதுதான்.

பில்லை வாங்கும்போது முழு விலையும், அதற்குக் கீழே முன்பணம் கழித்ததும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நாளைக்கு நகையைத் திரும்பக் கொடுக்கும்போதோ, தொலைந்து புகார் கொடுக்கும்போதோ அந்த முழு மதிப்புதான் பேசும்.

பில் போட்டாச்சு, ஆனா நகை கடையிலேயே இருக்கு... இது விற்பனையா?

"முகூர்த்தம் அன்னைக்கு வந்து எடுத்துக்கிறோம், இப்போ பில் மட்டும் போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. வருஷ டார்கெட்டுக்காகக் கடையே மார்ச் 31-ல் பில் போட்டு வைப்பதும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

வாடிக்கையாளரே கேட்டுக்கொண்டு, குறிப்பிட்ட நகை தயாராகி, அவர் பெயர் எழுதித் தனியாக எடுத்து வைக்கப்பட்டு, வேறு யாருக்கும் விற்க முடியாத நிலையில் இருந்தால் அதை விற்பனையாகக் கொள்ள இடம் இருக்கிறது. அந்தச் செயின் ஷோகேஸிலேயே தொங்கி, அடுத்து வருபவருக்கும் காட்டப்படுகிறது என்றால் அது விற்பனை ஆகாது. பில் நம்பர் இருந்தாலும் சரி. ஆடிட்டர்கள் மார்ச் கடைசி நாள் பில்களையும் ஏப்ரல் முதல் வார டெலிவரி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

மாசத் தவணைக்கு ஜிஎஸ்டி உண்டா?

பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு அந்த நேரத்தில் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது முன்பணத்துக்கும் வரி இருந்தது. வியாபாரிகள் எதிர்ப்புக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இது விலக்கப்பட்டது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு வரி அப்போதே உண்டு. கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸும் சீட்டுக்குக் கட்டும் அட்வான்ஸும் வரிக்கணக்கில் வேறு வேறு என்பது இதனால்தான்.

கிராம் கணக்கில் சேரும் சீட்டு: இங்கேதான் கவனம் தேவை

சில திட்டங்களில் ரூபாய் சேராது. கட்டும் அன்றைய விலைக்கு எத்தனை கிராமோ அது வரவு வைக்கப்படும். 55,000 ரூபாய்க்கு மொத்தம் 6 கிராம் சேர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஏட்டில் முன்பணம் 55,000 என்றுதான் நிற்கும். ஆனால் கடை தர வேண்டியது 6 கிராம் தங்கம். எடுக்கும் நாளில் கிராம் 10,000 ரூபாய் என்றால் 60,000 ரூபாய் மதிப்புள்ள தங்கத்தைக் கொடுத்தாக வேண்டும்.

ஒழுங்கான கடை, தவணை வரும்போதே அந்த அளவுக்குத் தங்கம் வாங்கி வைத்துவிடும். வாங்காமல் பணத்தை வாடகைக்கும் விளம்பரத்துக்கும் திருப்பிவிட்ட கடைக்கு, விலை ஏற ஏற ஓட்டை பெரிதாகும். முன்பணத்தை விற்பனை என்று எழுதியிருந்தால் அந்த ஓட்டை கணக்கில் தெரியவே தெரியாது.

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மதுரை உட்படப் பல ஊர்களில் கிளை வைத்திருந்த பிரணவ் ஜுவல்லர்ஸ் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். அதிக லாபம் தருவதாகச் சொல்லி தங்க முதலீட்டுத் திட்டத்தில் பொதுமக்களிடம் 100 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகவும், தங்கம் வாங்குவது என்ற பெயரில் அந்தப் பணம் போலி நிறுவனங்களுக்குத் திருப்பிவிடப்பட்டதாகவும் அமலாக்கத்துறை குற்றம்சாட்டியது. 2023 நவம்பரில் சோதனையும் நடத்தியது. சாதாரண 11 மாசச் சீட்டும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் விசாரணையில் எழுந்த கேள்வி எல்லா முன்பணத்துக்கும் பொருந்தும்: வாங்கிய பணத்துக்கு ஈடான தங்கம் எங்கே?

அப்போ ஏன் 11 மாசம்?

2014 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கம்பெனிகள் டெபாசிட் விதிகள் சொல்வது இதுதான். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் அந்தப் பொருளின் விற்பனையில் நேர் செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் அது முன்பணம் என்ற அந்தஸ்தை இழந்து 'டெபாசிட்' ஆகிவிடும். டெபாசிட் வாங்கக் கம்பெனிகளுக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. அந்த ஆண்டில் டாடா குழுமத்தின் டைட்டன்கூட தன் நகைத் திட்டத்தை நிறுத்தி, விதிக்கு ஏற்ப மாற்றித்தான் மறுபடி தொடங்கியது.

நம் உதாரணத்தில் முதல் தவணையிலிருந்து 11-வது தவணை வரை சுமார் 303 நாள். நகை எடுக்க ஏறக்குறைய 2 மாசம் மிச்சம் இருக்கும். ஆகஸ்ட் 20 என்பது 344-வது நாள், ஆகவே தப்பித்தார். கம்பெனியாகப் பதிவு செய்யாத தனிநபர், பங்குதாரர் கடைகளுக்கு 2019-ல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் வாங்கும் முன்பணம் உண்மையான வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும்.

கடைசித் தவணை முடிந்ததும் "மேடம், உங்க சீட்டு முடிஞ்சிருச்சு, எப்போ வர்றீங்க?" என்று கடையிலிருந்து போன் மேல் போன் வருவதில் வியாபார ஆசை மட்டும் இல்லை. அந்த 365-வது நாளுக்குள் முன்பணக் கணக்கிலிருந்து அந்தத் தொகை இறங்கியாக வேண்டும். நகையாகவோ, திருப்பித் தந்த பணமாகவோ.